சனிக்கிழமைக் குழுவில் 60 வாங்கியவர் யார்?



சுங்கை பட்டாணி வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி மண்டபத்தில், பெற்றோர் சந்திப்பு நாளன்று, ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் இருபது நிமிடம் பேசினார். அந்தப் பள்ளியின் புள்ளியியல் கழகத்துக்கு அவர்தான் தலைவி. பீடோங், பாடாங் செராய், கோலா கெட்டில் பக்கங்களிலிருந்தும் பெற்றோர் வந்திருந்தார்கள். தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவர்களும், தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் வீடு வாங்கிப் போனவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை அந்தப் பேச்சுக்கே ஒதுக்குகிறேன். பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்த்துப் பெருமைப்படுவதும் கவலைப்படுவதும் நமக்குப் பழக்கம். அதை எப்படிப் படிப்பது என்று இவ்வளவு தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கெடாவில் வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை என்பது வெளிமாநில வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. அந்த இரண்டு நாளும் நான்காம் படிவ மாணவர்களுக்குக் கணிதத்தில் கூடுதல் வகுப்பு நடக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு குழு, சனிக்கிழமை ஒரு குழு. ஒவ்வொன்றிலும் 11 பேர். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டு குழுக்களின் சராசரி மதிப்பெண்ணையும் ஒரு பட்டை வரைபடமாக வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மாணவி அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்து திரையில் காட்டினார். பச்சைப் பட்டை ஒன்று, நீலப் பட்டை ஒன்று. இரண்டின் தலையிலும் 60. இரண்டும் ஒரே உயரம்.

"இந்தப் படத்தைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "ரெண்டு குழுவும் ஒரே மாதிரிதானே படிக்கிறாங்க" என்றார். மண்டபமே தலையாட்டியது.

அடுத்து அவர் காட்டியதும் ஒரு புகைப்படம்தான். அந்த வரைபடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்த மதிப்பெண் பட்டியல் அது. கணித ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, பெயர்கள் இருந்த பத்தியை ஒரு காகிதத்தால் மறைத்து எடுத்திருந்தார். எண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி வெண்பலகையில் எழுதினார்.

வெள்ளிக்கிழமைக் குழு: 52, 54, 56, 57, 59, 60, 61, 63, 64, 66, 68.

சனிக்கிழமைக் குழு: 24, 28, 31, 35, 38, 76, 80, 83, 86, 88, 91.

இரண்டையும் கூட்டிப் பார்க்கச் சொன்னார். கைப்பேசிகள் வெளியே வந்தன. இரண்டுக்கும் 660. 11ஆல் வகுத்தால் இரண்டுக்கும் 60. வரைபடத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக் குழுவில் எல்லோரும் 60ஐச் சுற்றியே நிற்கிறார்கள். சனிக்கிழமைக் குழுவில் 38க்கும் 76க்கும் நடுவே ஒரு பிள்ளைகூட இல்லை. "சனிக்கிழமைக் குழுவில் 60 வாங்கியவர் யார்? கை தூக்கச் சொன்னால் யார் தூக்குவார்?" என்று மாணவி கேட்டபோது மண்டபம் அமைதியானது. அந்தக் குழுவின் சராசரி, அந்தக் குழுவில் எவருக்கும் பொருந்தாத ஓர் எண்.

வகுப்பறையில் இதற்கு என்ன அர்த்தம் என்பதையும் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை வரும் ஆசிரியர் 60 மதிப்பெண் தரத்துக்கு ஒரு பாடம் தயாரித்தால் அது அங்கே பதினொரு பேருக்கும் ஏறக்குறையப் பொருந்தும். அதே பாடத்தைச் சனிக்கிழமை நடத்தினால், ஐந்து பேருக்கு அது எட்டாது. ஆறு பேருக்கு அது ஏற்கெனவே தெரிந்த பாடம். ஒன்றரை மணி நேர வகுப்பு, யாருக்காக நடந்தது என்று தெரியாமலே முடிந்துவிடும். சராசரி மட்டும் கையில் இருந்தால் ஆசிரியருக்கு இது தெரிய வழியில்லை. மாத முடிவில் சராசரி 60லிருந்து 62ஆக ஏறினால், மேலே இருக்கும் ஆறு பேர் ஏறியதால் ஏறியதா, கீழே இருக்கும் ஐந்து பேர் ஏறியதால் ஏறியதா என்பதும் தெரியாது.

புகைப்படத்தைப் பற்றி அவர் சொன்ன ஒன்றைக் குறிப்பாக எழுத வேண்டும். நம்மில் பலர் பள்ளிப் பலகையில் ஒட்டியதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், யாரோ அனுப்பியதை நாமும் பார்க்கிறோம். முதல் தடவை அவர் பக்கவாட்டில் நின்று எடுத்தாராம். படத்தில் தூரத்தில் இருந்த நீலப் பட்டை சற்றுக் குட்டையாகத் தெரிந்தது. அதை மட்டும் பார்த்தவர்கள் சனிக்கிழமைக் குழு பின்தங்கிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். பலகைக்கு நேர் எதிரே, வரைபடத்தின் நடு உயரத்துக்குக் கைப்பேசியைப் பிடித்து மறுபடி எடுத்த பிறகுதான் இரண்டும் சமமாக வந்தன. வரைபடத்தின் இடது ஓரத்தில் இருக்கும் அளவுகோலும் படத்துக்குள் வர வேண்டும் என்றார். அளவுகோல் 0இல் தொடங்குகிறதா 50இல் தொடங்குகிறதா என்று தெரியாமல் பட்டைகளின் உயரத்தை ஒப்பிட முடியாது. 50இல் தொடங்கும் வரைபடத்தில் 60இன் பட்டை 55இன் பட்டையைப் போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும்.

பட்டியலைப் படத்திலிருந்து கணினியில் ஏற்றும்போது வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. கழகத்து இளைய உறுப்பினர் ஒருவர் 38ஐ 33 என்று படித்துவிட்டார். மங்கலான படத்தில் 3க்கும் 8க்கும் வேற்றுமை தெரிவது கடினம். சராசரியைப் போட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். 655ஐ 11ஆல் வகுத்தால் 59.5. முழு எண்ணாக்கினால் 60. வரைபடத்திலும் 60. சரியாக இருக்கிறது என்று விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. தலைவிதான் பட்டியலின் அடியில் ஆசிரியர் எழுதியிருந்த மொத்தத்தைப் பார்த்து, 660 வர வேண்டிய இடத்தில் 655 வருகிறதே என்று பிடித்தார். முழு எண்ணாக்கிய சராசரி, தவறையும் சேர்த்து விழுங்கிவிடும். எண்களைப் பெயர்த்து எழுதுகிறவர்கள் மொத்தத்தை ஒப்பிட வேண்டும் என்பது அந்தக் கழகத்தில் இப்போது விதியாம். நல்ல விதி. நம் பத்திரிகை அலுவலகத்திலும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஒரு தந்தை எழுந்து, "சராசரி மதிப்பெண்ணை விடும்மா. எஸ்.பி.எம்.மில் கிரேடைத்தானே பார்க்கிறார்கள், அதில் இந்த வித்தியாசம் தெரிந்துவிடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் நாடு முழுவதும் பேசப்படும் எண் தேசிய சராசரி கிரேடுதான். அதில் ஏ பிளஸுக்கு 0, ஏ-க்கு 1, ஏ மைனஸுக்கு 2 என்று ஏறிக்கொண்டே போய், தோல்வியான ஜி-க்கு 9. எண் குறையக் குறைய நல்லது. 2022ஆம் ஆண்டு எஸ்.பி.எம்.முக்கு அது 4.74. 2023க்கு 4.60. 2024க்கு 4.49. ஒவ்வோர் ஆண்டும் குறைந்து வருகிறது, முன்னேற்றம் என்று செய்தி வருகிறது. பள்ளிகளும் இதே முறையில் தங்கள் சராசரி கிரேடைப் போட்டுப் பார்க்கின்றன.

மாணவி அந்தக் கேள்வியை எதிர்பார்த்து வந்திருந்தார் போலும். இரண்டு குழுக்களின் மதிப்பெண்களையும் பள்ளியில் வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லைகளை வைத்துக் கிரேடாக மாற்றிக் காட்டினார். வெள்ளிக்கிழமைக் குழுவில் இரண்டு சி, மூன்று சி பிளஸ், நான்கு பி, இரண்டு பி பிளஸ். புள்ளிகளைக் கூட்டினால் 49, சராசரி 4.45. சனிக்கிழமைக் குழுவில் ஐந்து ஜி, ஒரு ஏ மைனஸ், நான்கு ஏ, ஓர் ஏ பிளஸ். கூட்டினால் 51, சராசரி 4.64. இரண்டுக்கும் இடையே ஐந்தில் ஒரு பங்கு கிரேடுகூட வித்தியாசம் இல்லை. இரண்டும் தேசிய சராசரிக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு குழுவில் யாரும் தோற்கவில்லை. மற்றதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தோற்றிருக்கிறார்கள். கிரேடாக மாற்றினாலும் சராசரி சராசரிதான். கேள்வி கேட்ட தந்தை உட்காராமல் நின்றபடியே அந்த இரண்டு எண்களையும் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

அடுத்து நடந்ததுதான் அன்றைய பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கழக உறுப்பினர்கள் 11 பேர் மேடையில் ஏறினார்கள். ஆளுக்கு ஓர் அட்டை. சனிக்கிழமைக் குழுவின் மதிப்பெண்களில் ஒவ்வொன்றும் ஓர் அட்டையில். குறைந்ததிலிருந்து கூடியது வரை இடமிருந்து வலமாக நின்றார்கள். "மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது ஆள் ஓரடி முன்னால் வாருங்கள்" என்றார் தலைவி. 31, 76, 86 என்ற அட்டைகள் முன்னால் வந்தன. ஆறாவது ஆள் வரிசையின் சரிநடுவில் இருப்பவர், அவருக்கு இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பேர். அவர் கையில் இருப்பது நடுவெண். மூன்றாவது ஆள் கீழ்ப்பாதியின் நடு. ஒன்பதாவது ஆள் மேல்பாதியின் நடு. இந்த இருவருக்கும் இடையே உள்ள தூரம் 55. பிறகு வெள்ளிக்கிழமைக் குழுவின் அட்டைகளோடு நின்றார்கள். இப்போது முன்னால் வந்தவை 56, 60, 64. தூரம் 8.

கால்குலேட்டர் இல்லை, சூத்திரம் இல்லை. வரிசையில் நிற்கத் தெரிந்தால் போதும். 60, 60 என்று ஒன்றாகத் தெரிந்த இரண்டு குழுக்கள், 55, 8 என்று ஆகாயத்துக்கும் பூமிக்கும் பிரிந்துவிட்டன. நான்காம் படிவக் கணிதப் பாடநூலின் எட்டாவது பாடம் முழுவதும் இந்தப் பரவலைப் பற்றியதுதான். பிள்ளைகள் தேர்வுக்காக அதைப் படிக்கிறார்கள். தங்கள் வகுப்பின் மதிப்பெண்ணிலேயே அதைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

நடுவெண் மட்டும் போதுமே என்று சிலருக்குத் தோன்றலாம். சனிக்கிழமைக் குழுவுக்கு நடுவெண் 76. அதை மட்டும் வரைபடத்தில் போட்டிருந்தால் அந்தக் குழு வெள்ளிக்கிழமைக் குழுவைவிட 16 மதிப்பெண் உயரமாகத் தெரிந்திருக்கும். கீழே இருக்கும் ஐந்து பேரும் பூஜ்யம் வாங்கியிருந்தாலும் நடுவெண் 76 ஆகவேதான் இருந்திருக்கும். அதனால் அவர் மூன்று ஆட்களையும் முன்னால் அழைத்தார்.

நம் வீட்டுக் கணக்கிலும் இது உண்டு என்பதால் கொஞ்சம் விலகிப் போகிறேன். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஒரு குடும்பத்தின் மாத வருமானத்துக்குச் சராசரி 8,479 வெள்ளி. நடுவெண் 6,338 வெள்ளி. இரண்டுக்கும் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் இடைவெளி. மிக அதிகமாகச் சம்பாதிக்கும் சில குடும்பங்கள் சராசரியை மேலே இழுத்துவிட்டன. நாட்டில் பாதிக் குடும்பங்களுக்கு 6,338 வெள்ளியோ அதற்குக் குறைவாகவோதான் கிடைத்தது. சராசரியைப் படித்துவிட்டு, நாம் மட்டும் பின்தங்கிவிட்டோமோ என்று நினைக்கும் குடும்பம், நடுவெண்ணைப் பார்த்தால் தன் இடத்தை இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளும். வருமானத்தில் சராசரி நடுவெண்ணுக்கு மேலே நிற்கிறது. சனிக்கிழமைக் குழுவில் அது நடுவெண்ணுக்குக் கீழே நிற்கிறது, கீழே இருக்கும் ஐந்து பேர் அதை இழுத்துவிட்டார்கள். இரண்டு எண்களும் விலகி நின்றால் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

திட்ட விலக்கத்தையும் மாணவி விடவில்லை. பெற்றோர் பயந்துவிடக் கூடாது என்று வெள்ளிக்கிழமைக் குழுவைக் கொண்டே போட்டுக் காட்டினார். ஒவ்வொரு மதிப்பெண்ணும் 60லிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எழுதினார். 52க்குக் குறை 8, 54க்குக் குறை 6, இப்படியே போய் 68க்குக் கூட 8. இவற்றை அப்படியே கூட்டினால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யம் ஆகிவிடும். எந்தக் குழுவுக்கும் அப்படித்தான் ஆகும். அதனால் ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் குறைக்குறியைப் போக்கினார். கூட்டினால் 252. 11ஆல் வகுத்தால் ஏறக்குறைய 23. அதற்கு வர்க்கமூலம் 4.8. இந்தக் குழுவில் ஒருவர் சராசரியிலிருந்து வழக்கமாக ஐந்து மதிப்பெண் போலத் தள்ளி நிற்பார் என்று புரிந்துகொள்ளலாம். சனிக்கிழமைக் குழுவுக்கு இதே கணக்கில் 26.8 வருகிறது.

இந்த எண்ணை எங்கே நம்பக் கூடாது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். படிவம் ஐந்தில் இருக்கும் பிள்ளையின் முதிர்ச்சி அதில் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக் குழுவில் 68 வாங்கியவர் தேர்வு நாளன்று காய்ச்சலில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மதிப்பெண் தாளில் அவருக்கு நேரே வரவில்லை என்பதற்கான டிஎச் என்ற குறி இருக்க வேண்டும். கணினியில் ஏற்றுகிறவர் அந்தக் கட்டத்தில் 0 போட்டுவிட்டால் என்ன ஆகும்? சராசரி 60லிருந்து 53.8க்கு இறங்கும். பத்துப் பேருக்கு மட்டும் சரியாகப் போட்டால் 59.2 வந்திருக்கும். திட்ட விலக்கமோ 4.8லிருந்து 17.5க்குத் தாவும். நடுவெண் மட்டும் 60லிருந்து 59க்கு நகர்ந்து அங்கேயே நிற்கும். குழுவில் யாருடைய படிப்பும் மாறவில்லை. வராத ஒரு பிள்ளையைப் பூஜ்யமாக எழுதியதால் வந்த கலவரம் இது.

சரி, திட்ட விலக்கம் 17.5 என்று ஒரு தாளில் பார்க்கிறோம். குழு இரண்டாகப் பிளந்திருக்கிறதா, ஒரே ஒரு பூஜ்யம் புகுந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. 0லிருந்து 100 வரை ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பத்துப் புள்ளிகள் 50க்கும் 70க்கும் இடையே நெருங்கியிருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் இடது ஓரத்தில் தனியாகக் கிடந்தால் பெயர்ப் பட்டியலை எடுத்து அன்று யார் வரவில்லை என்று பார்க்கலாம். இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தால் வகுப்பை எப்படி நடத்துவது என்று யோசிக்கலாம். முதல் படிவத்திலேயே சொல்லிக்கொடுக்கும் புள்ளி வரைபடம்தான் இது.

இதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கம் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர். 1973இல் அவர் நான்கு சிறிய பட்டியல்களை வெளியிட்டார். தற்செயலாக அவற்றிலும் ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள்தான். சராசரி ஒன்று, பரவல் ஒன்று, இரண்டு அளவுகளுக்கும் உள்ள தொடர்பின் எண்ணும் ஒன்று. தாளில் வரைந்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறிய புள்ளிகள், ஒன்று வளைவு, ஒன்று ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகிய நேர்கோடு, இன்னொன்றில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக நிற்க ஒன்று மட்டும் வெகுதூரத்தில். கணக்குப் போடுவதற்கு முன் வரைந்து பாருங்கள் என்பது அவருடைய வாதம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பள்ளிப் பலகைகளில் பட்டை மட்டும்தான் ஒட்டப்படுகிறது.

பேச்சு முடிந்து கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து வயதான ஒருவர் எழுந்தார். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், பேரனுக்காக வந்திருந்தார். "நீ சொல்றது எங்களுக்கு மழையில தெரியும்மா" என்று தொடங்கினார். மாதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று ஆபீசில் கிராணி எழுதி வைப்பாராம். இரண்டு மாதத்துக்கு அந்த எண் ஒன்றாகவே இருக்கும். ஒரு மாதத்தில் மழை ஐந்தாறு சாயங்காலம் கொட்டித் தீர்த்திருக்கும், காலையில் மரம் காய்ந்திருக்கும், வெட்டு நடக்கும். மறு மாதத்தில் விடியற்காலையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறியிருக்கும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் நிற்காமல் பட்டை மேல் பரவி வழிந்துவிடும், மங்கில் விழுந்ததிலும் தண்ணீர் கலந்துவிடும். "மழை ஒண்ணுதான். சம்பளம் ஒண்ணு இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தார். மாணவி மேடையிலிருந்து இறங்கி வந்து அவரிடம், அடுத்த முறை பேசும்போது இதைச் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

இன்னொருவர் கேட்ட கேள்வி சங்கடமானது. "கீழே இருக்கிற அஞ்சு பேரும் தோட்டத்துப் பிள்ளைகளா?" மண்டபத்தில் பலர் மனத்திலும் அது ஓடியிருக்கும். மாணவி நிதானமாகச் சொன்னார்: "பெயரை மறைத்துத்தான் படம் எடுத்தேன். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இந்தப் பட்டியல் காரணத்தைச் சொல்லாது. ஐந்து பேர் தனியாக நிற்கிறார்கள் என்பதை மட்டும்தான் காட்டும். ஏன் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்."

அந்தப் பதிலை நான் மனமார ஏற்கிறேன். போக்குவரத்துப் பிரச்சினையாக இருக்கலாம், ஒன்றாம் படிவத்தில் விட்டுப்போன பின்னக் கணக்காக இருக்கலாம், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மலாயில் கேட்ட கேள்வியைப் புரிந்துகொள்ளத் திணறியதாக இருக்கலாம். ஐந்து பேருக்கும் ஐந்து காரணங்கள்கூட இருக்கலாம். பரவலைப் பார்ப்பது யாரிடம் போய்க் கேட்பது என்று காட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதை ஒரு கூட்டத்தின் மீது முத்திரை குத்தப் பயன்படுத்தினால் சராசரி செய்த அநியாயத்தைவிடப் பெரிய அநியாயம் அது.

சிறிய பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் மாநிலத்தில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை மிகக் குறைவு. ஓர் ஆண்டில் ஏழு பிள்ளைகள் மட்டுமே இருக்கும் வகுப்பில், ஒரே ஒரு பிள்ளை தடுமாறினாலும் தேர்ச்சி விழுக்காடு 100லிருந்து 86க்கு இறங்கிவிடும். எழுபது பேர் படிக்கும் டவுன் பள்ளியில் ஒருவர் தடுமாறினால் அது 98க்கு மேல்தான் நிற்கும். யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் இந்த விழுக்காடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பள்ளிகளை ஒப்பிட்டார்கள். 2021இல் அந்தத் தேர்வு நின்றுவிட்டது. ஒப்பிடும் பழக்கம் நிற்கவில்லை. ஏழு பேர் வகுப்புக்குச் சராசரியும் வேண்டாம், திட்ட விலக்கமும் வேண்டாம். ஏழு எண்களையும் பெயரில்லாமல் அப்படியே எழுதினால் ஒரு வரியில் அடங்கிவிடும்.

எங்கள் இதழில் இனிமேல் பள்ளித் தேர்வு முடிவுகளைப் பற்றி எழுதும்போது சராசரியை மட்டும் வெளியிட மாட்டோம். குறைந்த மதிப்பெண், நடுவெண், கூடிய மதிப்பெண், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் வரவில்லை என்ற ஐந்தையும் கேட்டு வாங்கி வெளியிடுவோம். கிடைக்காவிட்டால் சராசரியையும் விட்டுவிடுவோம். பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முடிவுகளை அனுப்பும்போது இந்த ஐந்தையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம். படம் எடுத்து அனுப்புவதாக இருந்தால் பெயர்ப் பத்தியை மறைத்து, பலகைக்கு நேர் எதிரே நின்று, அடியில் இருக்கும் மொத்தமும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மதிப்பெண் அட்டை வாங்கப் பள்ளிக்குப் போகும்போது, "வகுப்புச் சராசரி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "40க்குக் கீழே எத்தனை பேர் டீச்சர்? அவங்களுக்கு என்ன வகுப்பு நடக்குது?" என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளை 91 வாங்கியிருந்தாலும் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்